'24 மணி நேரத்தில் மோட்டார்' போர்டு இருந்தும் தோட்டத்துக்காரர் ஏன் போகிறார்?

*அய்யா, வணக்கம்ங்க. பல்லடம் பக்கம் போர் மோட்டார் சர்வீஸ் கடை வைத்திருக்கிறோம், அப்பா காலத்துக் கடை. கடன் வாங்கி ஏ.சி ஆபீஸ், ஆட்களுக்கு யூனிஃபார்ம், ரோட்டு மேலேயே '24 மணி நேரத்தில் மோட்டார் ரெடி, தவறினால் கூலி இல்லை' என்று போர்டு, எல்லாம் செய்தாகிவிட்டது. ஜாப் கார்டைப் பார்த்தால் பத்துக்கு ஒன்பது மோட்டார் சொன்ன நேரத்துக்குள்தான் முடிகிறது. இருந்தும் பழைய தோட்டத்துக்காரர்கள் ஒவ்வொருவராக, தகரக் கொட்டகையில் ஒற்றை ஆளாக வைண்டிங் கட்டுகிறவரிடம் போகிறார்கள். எம்.பி.ஏ படிக்கும் அக்கா மகள் சேவைத் தர இடைவெளி மாடல் என்று சொல்லி, 22 கேள்வித் தாளை 40 பேரிடம் கொடுத்து எழுதி வாங்கினாள். எதிர்பார்ப்பு 7க்கு 6.1, எங்களிடம் கிடைத்தது 5.6. அரை மார்க்குதான் குறைவு, அதற்கே போய்விடுவார்களா? ஜனங்களுக்கு ஆசை கூடிவிட்டதா, இல்லை வைண்டிங் ஆட்கள் சரியில்லையா? ஆட்களை மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். தாள்கள், ஜாப் கார்டு, போன் நோட்டு, வண்டி டைரி நகல் வைத்திருக்கிறேன்.*
*பெயர் வேண்டாம், பல்லடம்*

வணக்கம்ங்க. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், வைண்டிங் ஆட்கள் மேல் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய காகிதங்களை வைத்துப் பார்த்தால் பிரச்சினை அவர்கள் மேசையில் இல்லை, இருந்தாலும் ரொம்பக் கொஞ்சம்தான். ஒரு நல்ல வைண்டரை அனுப்பிவிட்டு இன்னொருவரைப் பிடிப்பது உங்கள் ஊரில் எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அனுப்பியவர் நேராக அந்தத் தகரக் கொட்டகைக்கே போய் உட்கார்ந்தாலும் உட்கார்ந்துவிடுவார்.

ஜனங்களுக்கு ஆசை கூடிவிட்டது என்பதையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அதற்கு அந்தத் தாளில் ஆதாரமே இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் அக்கா மகள் எடுத்த மாடல் சரியான மாடல்தான். 1985ல் பரசுராமன், ஸைதமல், பெர்ரி என்ற மூன்று பேர் வெளியிட்டது. அவர்கள் அமெரிக்காவில் வாடிக்கையாளர்களைக் குழு குழுவாக உட்கார வைத்துப் பேசிய 4 தொழில்களில் வங்கி, கிரெடிட் கார்டு, பங்குத் தரகு போக நான்காவது பொருட்களைப் பழுதுபார்க்கும் தொழில், அதாவது உங்கள் தொழில். அதனால் எங்கேயோ ஏ.சி ரூமில் பிறந்த சமாச்சாரம், நமக்கு ஒத்துவராது என்று நினைக்க வேண்டாம். ஆனால் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது 22 கேள்வியும் கழித்தல் கணக்கும்தான் மனதில் நிற்கிறது, மாடலின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. அதில் 5 இடைவெளிகள். வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததாக அவர் உணர்ந்ததற்கும் உள்ளது ஐந்தாவது, உங்கள் தாள் அளந்தது அது ஒன்றை மட்டும். அது தானாக வருவதில்லை. மற்ற நான்கும் கடைக்குள்ளே இருப்பவை: அவருக்கு என்ன வேண்டும் என்று முதலாளி தப்பாகப் புரிந்துகொள்வது ஒன்று, புரிந்தும் அதற்கு ஏற்ற வேலை அளவை வகுக்காதது இரண்டு, வகுத்ததை ஆட்கள் செய்யாதது மூன்று, செய்ய முடிந்ததற்கு மேல் வெளியே சொல்லிவைப்பது நான்கு. இவை சேர்ந்துதான் ஐந்தாவதைப் பெரிதாக்குகின்றன. நீங்கள் ஐந்தாவதைப் பார்த்துவிட்டு நேராக மூன்றாவதில் பழியைப் போடுகிறீர்கள். பெரும்பாலான முதலாளிகள் அப்படித்தான் செய்கிறார்கள், ஏனென்றால் ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மற்ற மூன்று இடைவெளிகளும் அவர்கள் சொந்த வேலை.

அரை மார்க்கு என்பது எங்கே இருக்கிறது

சராசரியை விட்டுவிட்டுத் தாளைப் பிரித்துப் பார்ப்போம். அந்த 22 கேள்விகளும் 5 பிரிவில் அடங்கும். உங்கள் தாள்களில் வந்த எண்கள் இப்படி இருக்கின்றன. கண்ணில் படுகிற விஷயங்களில், அதாவது ஆபீஸ், யூனிஃபார்ம், கருவிகள், எதிர்பார்ப்பு 5.1, கிடைத்தது 6.4. சொன்னதைச் சொன்னபடி செய்வதில் எதிர்பார்ப்பு 6.8, கிடைத்தது 4.9. கேட்டதும் கவனிப்பதில் 6.5க்கு 5.2. வேலை தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கையில் 6.4க்கு 6.0. அவரவர் நிலைமையைப் புரிந்து நடப்பதில் 5.7க்கு 5.4.

பார்த்தீர்களா, கடன் வாங்கிச் செய்த இடத்தில் எதிர்பார்த்ததைவிட 1.3 அதிகமாகக் கொடுத்திருக்கிறீர்கள், சொன்னபடி செய்வதில் 1.9 குறைவாகக் கொடுத்திருக்கிறீர்கள். சராசரி போட்டபோது ஏ.சி வந்து தாமதத்தின் பெரும் பகுதியை மறைத்துவிட்டது. தோட்டத்தில் தண்ணீர் இல்லாமல் நிற்கிறவர் மனதில் இப்படிக் கூட்டல் கழித்தல் நடக்காது. ஆபீஸ் குளுகுளுவென்று இருந்தது, அதனால் ஒரு நாள் தாமதத்தை மன்னிக்கிறேன் என்று யாரும் சொல்லமாட்டார்.

இதைச் சரிக்கட்ட அந்த மூவருமே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளரிடம் 100 புள்ளியைக் கொடுத்து, இந்த 5 பிரிவுக்கும் உங்களுக்கு முக்கியமான அளவில் பங்கு போடுங்கள் என்று கேட்பது. உங்கள் தாளில் அதை விட்டுவிட்டார்கள். கணக்கு எப்படி மாறும் என்று காட்ட மட்டும் ஒரு பங்கை நானே போட்டுக்கொள்கிறேன், உங்கள் ஊர் ஆட்களிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்: சொன்னபடி செய்வதற்கு 45, உடனே கவனிப்பதற்கு 25, வேலைத் திறமை நம்பிக்கைக்கு 15, அனுசரணைக்கு 10, பார்வைக்கு 5. ஒவ்வொரு இடைவெளியையும் அதன் பங்கால் பெருக்கிக் கூட்டி 100ஆல் வகுத்தால் குறைவு 0.5 இல்லை, 1.2 வருகிறது. அதே 40 தாள், அதே பதில்கள்தான். அமெரிக்காவில் அவர்கள் கேட்ட தொழில்களிலும் சொன்னபடி செய்வதுதான் முதலில் வந்தது, பார்வை கடைசியில் வந்தது, அதனால் நான் போட்ட பங்கு ரொம்ப விலகிப் போயிருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. இந்த 40 பேரும் பில் கட்ட ஆபீசுக்கு வந்தபோது, நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்க, எழுதிக் கொடுத்தவர்கள். முகத்துக்கு நேரே குறை சொல்ல நம்மவர்களுக்கு வராது, மரியாதைக்கு ஒரு 6 போட்டுவிட்டு எழுந்து போவார்கள். அதைவிட முக்கியம், போனவர்கள் ஒருவர்கூட இந்த 40ல் இல்லை. அப்படியிருந்தும் 4.9 வந்திருக்கிறது என்றால் போனவர்கள் மனதில் இருக்கும் எண் எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எதிர்பார்ப்பு 6.8 இருக்கிறதே, அது பேராசை இல்லையா என்று கேட்பீர்கள். 'ஒரு நல்ல கடை சொன்ன நேரத்துக்கு வேலையை முடிக்க வேண்டுமா' என்று கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்? இந்த மாதிரிக் கேள்வியில் எல்லா ஊரிலும் எல்லாரும் 7க்குப் பக்கத்தில்தான் போடுவார்கள். இது மாடலின் பலவீனம் என்று 1992லேயே குரோனின், டெய்லர் என்ற இருவர் சொல்லி, எதிர்பார்ப்பைக் கேட்கவே வேண்டாம், கிடைத்ததை மட்டும் அளந்தால் போதும் என்று வாதாடினார்கள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. உங்களுக்கு வேண்டியது அதில் ஒரு துண்டு மட்டும்: உயரமான எதிர்பார்ப்பு எண்ணை வைத்து ஆட்களின் குணத்தை முடிவு செய்யாதீர்கள்.

ஒரே வேலை, இரண்டு கணக்கு

இப்போது ஜாப் கார்டுக்கு வருவோம், எனக்கு எல்லாமே அங்கேதான் தெரிந்தது. ஒரு கார்டை மட்டும் எடுத்து, போன் நோட்டையும் வண்டி டைரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 7.5 எச்.பி சப்மெர்சிபிள், தென்னையும் தக்காளியும் வைத்திருக்கும் ஒருவருடையது.

திங்கள்கிழமை காலை 7 மணிக்கு மோட்டார் ஓடவில்லை என்று போன் வந்திருக்கிறது. மோட்டார் தூக்கும் வண்டி வேறு ஊரில் இருந்ததால் செவ்வாய் காலைதான் தோட்டத்துக்குப் போயிருக்கிறது, பைப்பை ஒவ்வொன்றாகக் கழட்டி மோட்டாரை மேலே எடுத்துக் கடைக்குக் கொண்டுவரும்போது மதியம் 12. ஜாப் கார்டில் நேரம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மெகர் வைத்துப் பார்த்து, காயில் எரிந்தது உறுதியாகி, பழைய கம்பியை வெட்டியெடுத்து, புதிதாகக் கட்டி, தண்ணீரில் போட்டு டெஸ்ட் செய்து புதன் மதியம் 12 மணிக்கு முடித்திருக்கிறார்கள். சரியாக 24 மணி நேரம், கார்டில் பச்சை டிக். உங்கள் வைண்டர் தன் வேலையைச் செய்துவிட்டார். ஆனால் இறக்குவதற்கு வண்டி வேண்டுமே, அது வியாழக்கிழமைதான் கிடைத்தது. தண்ணீர் விழும்போது வியாழன் மாலை 4 மணி.

தோட்டத்துக்காரர் கணக்கில் திங்கள் 7 மணி முதல் வியாழன் 4 மணி வரை, 81 மணி நேரம். உங்கள் கணக்கில் 24. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அவர் போர்டில் படித்தது தண்ணீர் 24 மணி நேரத்தில் வரும் என்று, நீங்கள் எழுதியது மேசையில் வேலை 24 மணி நேரத்தில் முடியும் என்று. 57 மணி நேரம் உங்கள் கார்டில் எங்குமே எழுதப்படவில்லை, அதனால் அது உங்களுக்கு நடக்கவே இல்லை.

இதை மாடலில் வைத்துப் பாருங்கள். அவருக்கு வேண்டியது ஓடும் தண்ணீர், உங்களுக்கு அது ஓடும் மோட்டாராகத் தெரிகிறது, இது முதல் இடைவெளி. கார்டின் நேரத்தை மோட்டார் கடைக்கு வந்ததிலிருந்து தொடங்குவது என்று நீங்கள் வகுத்திருக்கிறீர்கள், இது இரண்டாவது. ரோட்டு மேல் அந்த 24ஐப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறீர்கள், இது நான்காவது. மூன்றாவது இடைவெளி, அதாவது ஆட்கள் வகுத்ததைச் செய்யாதது, இந்தக் கார்டில் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆளை மாற்றினால் எது மாறும்? ரொம்ப வேகமாகக் கட்டுகிற ஒருவரைக் கொண்டுவந்து 24ஐ 18 ஆக்கினாலும் அந்தத் தோட்டத்தில் தண்ணீர் அதே வியாழன் 4 மணிக்குத்தான் விழும், வண்டி அப்போதுதான் வருகிறது.

மேலும் வேகப்படுத்துவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. போர்டுக்குப் பயந்து டெஸ்டைக் குறைப்பார்கள், கேபிள் ஜாயின்ட்டை அவசரத்தில் சுற்றுவார்கள், தண்ணீர் உள்ளே இறங்கும், மோட்டார் ஒரு மாதத்தில் திரும்பி வரும். அப்போது மூன்றாவது இடைவெளியும் நிஜமாகவே உண்டாகிவிடும்.

அந்தத் தகரக் கொட்டகைக்காரர் உங்களைவிட வேகமாக முடிக்கிறார் என்று நான் நம்பவில்லை. ஒற்றை ஆள், எப்படி முடியும்? அவர் அனேகமாக 'வியாழக்கிழமை சாயங்காலம் ஆகும்ங்க' என்று திங்கள்கிழமையே சொல்லியிருப்பார், வியாழக்கிழமை சாயங்காலம் முடித்திருப்பார். உங்கள் அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று ஊகிக்கிறேன். எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்த மாடல் சொல்லும் காரணங்களில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்வதும், சொந்தத் தேவையும், பழைய அனுபவமும், கடை வெளியே சொல்லும் விளம்பரமும் உண்டு. பழைய வாடிக்கையாளருக்குப் பழைய அனுபவம் உங்கள் அப்பா கொடுத்தது, விளம்பரம் நீங்கள் கொடுத்தது. இரண்டாவது முதலாவதோடு ஒட்டவில்லை.

எல்லாருக்கும் ஒரே 24 எதற்கு

1993ல் அதே மூவர் இன்னொரு விஷயம் சொன்னார்கள், உங்கள் ஊருக்கு இது முதல் மாடலைவிடவே பயன்படும். எதிர்பார்ப்பு ஒற்றை எண் இல்லை, இரண்டு. இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்பது மேல் அளவு, இதற்குக் கீழே போனால் தாங்காது என்பது கீழ் அளவு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பொறுத்துக்கொள்ளும் எல்லை. அந்த எல்லைக்குள் நீங்கள் எங்கே இருந்தாலும் ஆள் பெரிதாகக் கண்டுகொள்ளமாட்டார், வெளியே போனால்தான் நினைவில் வைத்துக்கொள்வார். எல்லையின் அகலம் ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும்.

உங்கள் வாடிக்கையாளர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய தென்னந்தோப்புக்காரர் 3 நாள் தண்ணீர் விடாவிட்டால் மரம் பட்டுப்போகாது, அவருக்கு நாள் தெரிந்தால் போதும், சொட்டு நீரை அதற்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்வார். தக்காளி நாற்று நட்டு ஒரு வாரம் ஆனவருக்கு மூன்றாம் நாள் நஷ்டம் கண்ணில் தெரியும். கறிக்கோழிப் பண்ணைக்காரருக்கு நாள் கணக்கே கிடையாது, சித்திரை வெயிலில் ஷெட்டில் தண்ணீர் நின்றால் சில மணி நேரத்தில் கோழி சாக ஆரம்பித்துவிடும், தொட்டியில் இருக்கும் தண்ணீர் எத்தனை மணி நேரம் தாங்குமோ அதுதான் அவருடைய கீழ் அளவு. பல்லடம் பக்கம் கடை வைத்துக்கொண்டு கோழிப்பண்ணைக்கும் தென்னந்தோப்புக்கும் ஒரே வரிசை, ஒரே 24 என்று வைத்திருக்கிறீர்கள். தோப்புக்காரருக்கு அது தேவையில்லாத வேகம், பண்ணைக்காரருக்கு அது பிரயோஜனமில்லாத வேகம்.

போன் எடுக்கும் பையன் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. தண்ணீர் எதற்கு? கையிருப்பு எத்தனை மணி நேரத்துக்கு வரும்? அந்தப் பதிலை போன் நோட்டில் எழுதி, வண்டியை அதன்படி அனுப்புங்கள். வண்டி எந்த வரிசையில் போகிறது என்பதில்தான் உங்கள் 57 மணி நேரமும் இருக்கிறது.

என்னென்ன செய்யலாம், எதில் என்ன சிக்கல்

போர்டைக் கழட்டிவிடலாமா என்றால், அந்த வாசகத்தைக் கட்டாயம் கழட்டுங்கள். சும்மா குறைத்துச் சொன்னால் எதிர்பார்ப்பு இறங்கிவிடும், இடைவெளி மூடிவிடும் என்று சில பேர் யோசனை சொல்வார்கள், அதை நான் சொல்லவில்லை. '4 நாள் ஆகும்' என்று போர்டு வைத்தால் புது ஆள் போனே செய்யமாட்டார். போர்டில் நேரமே வேண்டாம். நேரத்தை ஒவ்வொரு வேலைக்கும் தனியாக, இரண்டு முறை சொல்லுங்கள். போன் வந்தபோது வண்டி எப்போது வரும் என்பது மட்டும். மோட்டாரைப் பிரித்துப் பார்த்த பிறகு தண்ணீர் எப்போது விழும் என்பது. பேரிங் மட்டும் போயிருக்கிறதா, காயில் எரிந்திருக்கிறதா என்று தெரியாமலே முதல் போனில் முழு நேரத்தையும் சொல்வதால்தான் பாதி வாக்கு தவறுகிறது. வண்டி டிரைவர் தோட்டத்தில் வைத்து 'நாளைக்கே இறக்கிடலாம்ங்க' என்று ஆறுதலுக்குச் சொல்கிறாரே, அதுவும் நீங்கள் கொடுத்த வாக்காகத்தான் எழுதப்படும். நேரம் சொல்வது ஒரே ஆளின் வேலை என்று வைத்துவிடுங்கள்.

'தவறினால் கூலி இல்லை' என்பதில் சட்டப் பக்கமும் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், செய்து தருவதாக ஏற்றுக்கொண்ட வேலையின் தரத்திலோ முறையிலோ குறை இருந்தால் அது சேவைக் குறைபாடு. நீங்கள் எழுதி வைத்த வாக்கையே எடுத்துக் காட்ட முடியும், அதில் நேரம் எங்கிருந்து தொடங்குகிறது என்று போர்டு சொல்லவில்லை. விவசாயி தொழில் செய்கிறவர், அவர் நுகர்வோர் இல்லை என்ற எண்ணமும் வேண்டாம், சொந்த உழைப்பில் பிழைப்புக்காகப் பயன்படுத்துகிறவரை நுகர்வோராகவே பார்க்க வாய்ப்பு உண்டு. யாரும் கேஸ் போடப்போவதில்லை என்று நினைக்கலாம், ஆனால் 81 மணி நேரம் காத்திருந்தவரிடம் கூலி முழுசாக வாங்கிக்கொண்டு 'எங்கள் கார்டில் 24தான்' என்று நீட்டியிருக்கிறீர்களே, அவர் கேஸ் போடவில்லை, கடையை மாற்றினார்.

இரண்டாவது வண்டி வாங்குவது பெரிய செலவு, இப்போதே கடன் இருக்கிறது. கோடையில் மட்டும் கழட்ட, இறக்க வெளி வண்டியை நாள் வாடகைக்குப் பேசி வைப்பது நல்லது. அவர்கள் ஆட்கள் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டார்கள், பைப்பைத் தவறவிட்டால் பழி உங்களுக்கு, அதனால் ஒரு ஆளாவது உங்கள் பக்கம் கூடப் போக வேண்டும்.

இன்னொரு யோசனை, மாற்று மோட்டார். உங்கள் பக்கத்தில் அதிகம் ஓடும் அளவுகளில் இரண்டு மூன்று மோட்டாரை வைத்துக்கொண்டு, பண்ணைக்காரருக்கு மட்டும் கழட்டிய அன்றே அதை இறக்கிக் கொடுப்பது. இதில் கவனிக்க வேண்டியது, போர் ஆழத்துக்கும் பம்பின் ஸ்டேஜுக்கும் பொருந்தாத மோட்டாரை இறக்கினால் தண்ணீர் மேலே வராது, அல்லது ஓவர்லோடில் அதுவும் எரியும். அப்புறம் வண்டி அதே இடத்துக்கு இன்னொரு முறை போக வேண்டும், அந்தக் கூலியை முன்கூட்டியே பேச வேண்டும். எல்லாருக்கும் கொடுக்க ஆரம்பித்தால் கட்டுப்படியாகாது.

யூனிஃபார்மும் ஆபீசும் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் பார்வை விஷயத்தில் இனி ஒரு ரூபாய் போடாதீர்கள்.

எரிந்த காயிலைக் காட்டுங்கள்

வைண்டிங் ஆட்களைப் பற்றிச் சந்தேகம் உங்களுக்கு ஏன் வந்தது என்று எனக்குப் புரிகிறது. தாளின் ஓரத்தில் மூன்று பேர் 'கட்டிய மோட்டார் மறுபடியும் எரிந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே உண்மைக்கும் உணர்வுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. மோட்டார் எரிவது கரண்டாலா, போரில் தண்ணீர் இறங்கியதாலா, கட்டியது சரியில்லாததாலா என்று தோட்டத்துக்காரருக்குத் தெரிய வழியில்லை. 'கரண்ட் பிரச்சினைங்க' என்று நீங்கள் சொன்னால் சமாளிக்கிறார்கள் என்றுதான் கேட்கும்.

பிரித்த ஸ்டேட்டரை அவருக்குக் காட்டலாமே. ஸ்டார் இணைப்பில் ஒரு பேஸ் அறுந்து ஓடியிருந்தால் இரண்டு பேஸின் காயில் கருகியிருக்கும், மூன்றாவது புதிது மாதிரி இருக்கும், அதைப் பார்த்தால் யாருக்கும் புரியும். ஓவர்லோடோ குறைந்த வோல்டேஜோ என்றால் மூன்றும் ஒரே மாதிரி கருகும். ஒரு இடத்தில் மட்டும் பொத்தல் விழுந்து மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் உங்கள் இன்சுலேஷனைச் சந்தேகப்பட வேண்டும், அப்போது கூலி கேட்காமல் கட்டிக் கொடுத்துவிடுங்கள். ஆபீசுக்கு வராதவருக்குப் போனில் போட்டோ அனுப்பலாம். ஒரு பேஸ் போய் எரிந்தது என்றால் பேனல் போர்டில் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் வேலை செய்கிறதா, யாராவது அதை ஓரம் கட்டி நேராகக் கொடுத்திருக்கிறார்களா என்று இறக்கும்போதே பார்த்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் அந்த மோட்டார் திரும்ப வரும், வரும்போது உங்கள் பெயரோடுதான் வரும்.

திரும்பி வந்த மோட்டார்களை இப்படிக் காரணம் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு சீசன் போன பிறகு அதில் பாதிக்கு மேல் இன்சுலேஷன், ஜாயின்ட் என்று இருந்தால் அப்போது வைண்டிங் ஆட்களைப் பற்றிப் பேசலாம். அப்போதும் முதல் கேள்வி, அவர்களுக்கு மோட்டார் கணக்கில் கூலியா, நாள் கணக்கில் கூலியா என்பதுதான். எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்துவிட்டு நிதானமாக டெஸ்ட் செய்யவில்லை என்று கோபித்துக்கொள்ள முடியாது.

அக்கா மகளிடம் சொல்லுங்கள், தாளைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் அடுத்த முறை ஆபீசில் வைத்துக் கேட்க வேண்டாம். போய்விட்ட ஒரு பத்துப் பேரை அவரவர் தோட்டத்தில், நீங்கள் இல்லாமல், போய்ப் பார்க்கட்டும். 22 கேள்வி வேண்டியதில்லை. கடைசியாக மோட்டார் போனபோது என்ன நடந்தது, ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு அவர் சொல்வதை நேரத்தோடு எழுதிக்கொண்டால் போதும். உங்கள் அம்மா வழியோ அப்பா வழியோ சொந்தக்காரர்களைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது, அவர்கள் வேறு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பேசுவார்கள்.

நீங்கள் செய்ய வேண்டிய அளவு ஒன்றே ஒன்று. ஜாப் கார்டின் மேலே இரண்டு கட்டம் சேருங்கள், போன் வந்த நேரம், தண்ணீர் விழுந்த நேரம். கீழே ஒரு கட்டம், நடுவில் அவர் எத்தனை முறை 'என்னாச்சுங்க?' என்று போன் செய்தார் என்பது. சொன்ன நேரம் சரியாக இருந்தால் அந்தப் போன் வராது, வேலைக்கு 4 நாள் ஆனாலும் வராது. இப்போது உங்கள் போன் நோட்டில் ஒரு மோட்டாருக்கு மூன்று நான்கு முறை அந்தப் போன் வந்திருக்கிறது, அதை எடுத்த பையன் ஒவ்வொரு முறையும் 'இன்னைக்கு ஆயிடும்ங்க' என்று எழுதி வைத்திருக்கிறான். கோடை முடிவதற்குள் அது மோட்டாருக்கு ஒன்றுக்குக் கீழே இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், இறங்காவிட்டால் அந்தக் கார்டுகளையும் அனுப்புங்கள்.